12 சென்ட் என்றால் எத்தனை சதுர அடி? பத்திரம், பட்டா, டேப் மூன்றும் ஒத்துப்போகாதபோது

கேள்வி: கடலூரில் நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் ஒரு மனை பேசியிருக்கிறோம். புரோக்கர் “இரண்டே கால் கிரவுண்டு, கிரவுண்டு 22 லட்சம்” என்கிறார். உரிமையாளர் “12 சென்ட், சென்ட் 4 லட்சம்” என்கிறார். பழைய பத்திரத்தில் 0.12 ஏக்கர், பட்டாவில் 0-05.00 என்று இருக்கிறது. நாங்கள் டேப் பிடித்ததில் வடக்கு 50, தெற்கு 52, கிழக்கு 104, மேற்கு 100 அடி. வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குக் குறுக்கே 123 அடி. எத்தனை சதுர அடிக்குப் பணம் கொடுப்பது? பாகூர் பக்கம் இன்னொரு இடத்தைக் குழிக் கணக்கில் சொல்கிறார்கள். அதை எப்படிச் சென்டாக மாற்றுவது?

பதில்:

குறுக்களவையும் எடுத்து வைத்தது நல்லது. அது இல்லாமல் நான்கு பக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தால் இந்தக் கேள்விக்குச் சரியான விடையே சொல்ல முடியாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் சதுர அடிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சென்டையும் கிரவுண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் நான்குதான். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒன்று சென்ட், ஆகவே ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. மற்ற எல்லாம் இவற்றிலிருந்து வந்துவிடும். ஒரு கிரவுண்டுக்கு 5.51 சென்ட், ஒரு ஏக்கருக்கு 18.15 கிரவுண்டு.

சென்டுக்கு 435 என்று வைத்துக்கொண்டாலும் 436 என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் 12 சென்டில் ஐந்தேழு சதுர அடிதான் வித்தியாசம் வரும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் “சென்டுக்கு 440 அடி” என்று சிலர் ரவுண்டாகப் போடுவார்கள். அது 12 சென்டில் 53 சதுர அடியைக் கூட்டிவிடும். உங்கள் விலையில் கிட்டத்தட்ட 48,000 ரூபாய்.

இப்போது உங்களிடம் இருக்கும் எண்களைப் பார்ப்போம்.

புரோக்கரின் இரண்டே கால் கிரவுண்டு 5,400 சதுர அடி. உரிமையாளரின் 12 சென்ட் 5,227 சதுர அடி. அதைக் கிரவுண்டாக்கினால் 2.18 தான் வருகிறது, 2.25 அல்ல. கால் கிரவுண்டு, அரை கிரவுண்டு என்று வாய்க்கணக்கில் ரவுண்டு செய்யும்போது காணாமல் போவது அல்லது கூடுவது 173 சதுர அடி. விலையைப் பாருங்கள்: கிரவுண்டு 22 லட்சம் என்றால் சதுர அடி 917 ரூபாய். சென்ட் 4 லட்சம் என்றால் சதுர அடி 918 ரூபாய். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே விலையைத்தான் சொல்கிறார்கள், இடத்தின் அளவுதான் மாறுகிறது. புரோக்கர் கணக்கில் மொத்தம் 49.5 லட்சம், உரிமையாளர் கணக்கில் 48 லட்சம். விலை பேசும்போது யாரும் கவனிக்காத இடம் இதுதான். விலை ஒன்றாக இருக்கிறதே என்று தலையாட்டிவிடுவார்கள், ஒன்றரை லட்சம் அளவில் ஒளிந்திருக்கும்.

பத்திரத்தில் உள்ள 0.12 ஏக்கரும் அதே 12 சென்ட்தான். ஏக்கரில் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் சென்ட். 1.05 என்று இருந்தால் ஒரு ஏக்கர் ஐந்து சென்ட். பழைய கையெழுத்துப் பத்திரங்களில் வெறும் 1.5 என்று எழுதியிருந்தால்தான் ஆபத்து. எழுதியவர் மனதில் ஒரு ஏக்கர் ஐந்து சென்டா, ஒன்றரை ஏக்கரா என்பது அந்த எண்ணைப் பார்த்துத் தெரியாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அதே பத்திரத்தில் எழுத்தால் எழுதிய அளவையும், அதற்கு முந்தைய மூலப்பத்திரத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அடுத்து பட்டா. 0-05.00 என்பது 5 சென்ட் அல்ல. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற கணக்கில் இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். பேச்சில் ‘ஏர்ஸ்’ என்பார்கள். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி, சென்டில் 2.471. ஆகவே 5 ஏர் 500 சதுர மீட்டர், 5,382 சதுர அடி, 12.36 சென்ட். ஏரைச் சென்ட் என்று நினைத்துப் பயந்து “பட்டாவில் 5 சென்ட்தான் இருக்கிறது, மீதி 7 சென்ட் எங்கே” என்று கேட்பவர்கள் உண்டு. அதைவிட மோசம், பங்கு பிரிக்கும்போது இந்த எண்ணையே சென்டாக எழுதிவிடுவது.

பத்திரம் 12, பட்டா 12.36. உங்கள் உரிமையாளர் இன்னும் இதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கவனித்தால் “அரசாங்கமே 12.36 சென்ட் என்று கொடுத்திருக்கிறது, அதற்குப் பணம் கொடுங்கள்” என்பார். கொடுக்க வேண்டியதில்லை. காரணம் எளிது. பழைய கிராமப் பட்டாக்களையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள், ஏர்ஸ் கணக்கு பெரும்பாலும் .00 என்றோ .50 என்றோ முடியும். ஏக்கர், சென்ட் கணக்கை மெட்ரிக்குக்கு மாற்றியபோது அரை ஏருக்கு முழுமைப்படுத்தி எழுதியதன் விளைவு அது. உங்கள் 12 சென்டை மாற்றினால் 4.86 ஏர் வரும். அதற்கு மிக அருகில் உள்ள அரை ஏர் அளவு 5.00. அவ்வளவுதான், நிலம் எதுவும் கூடவில்லை.

இதை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பத்திரத்தில் உள்ள சென்டை 0.4047-ஆல் பெருக்குங்கள், ஏர் கிடைக்கும். பட்டாவில் உள்ள ஏர் அளவு .00 அல்லது .50 என்று முடிந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால் ஏருக்குள் இருந்தால், இரண்டும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றன, முழுமைப்படுத்தியதில் வந்த மாற்றம் அது. உங்களுக்கு வித்தியாசம் 0.14 ஏர். சரியாக இருக்கிறது. இதே இடத்துக்குப் பட்டாவில் 0-04.00 என்று இருந்திருந்தால் கதையே வேறு. 12 சென்டில் இரண்டு சென்டுக்கு மேல் எங்கோ போயிருக்கிறது என்று பொருள். சாலைக்கு எடுத்திருக்கலாம், ஒரு மூலையை ஏற்கெனவே விற்றிருக்கலாம். வில்லங்கச் சான்றிதழில் அந்தச் சர்வே எண்ணுக்கு என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

சமீபத்தில் உட்பிரிவு செய்து கொடுத்த பட்டாக்களில் 0-02.23 போல இரண்டு இலக்கம் துல்லியமாக இருக்கும். 2.23 ஏர் 223 சதுர மீட்டர், கிட்டத்தட்ட சரியாக ஒரு கிரவுண்டு. அங்கே கடைசி இலக்கம் ஒரு சதுர மீட்டரைக் குறிக்கிறது. எனவே பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் ஐந்தாறு சதுர அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் கேட்க வேண்டும். பட்டா உங்கள் மனைக்கு மட்டும் உரிய உட்பிரிவுக்கா, முழுச் சர்வே எண்ணுக்கான கூட்டுப் பட்டாவா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கூட்டுப் பட்டா என்றால் மேலே சொன்ன சோதனை எதுவும் செல்லாது.

இனி டேப்.

நான்கு பக்கம் தெரிந்தால் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, பெருக்குவது ஊர் வழக்கம். வடக்கும் தெற்கும் சராசரி 51, கிழக்கும் மேற்கும் சராசரி 102. பெருக்கினால் 5,202 சதுர அடி, 11.94 சென்ட். 12 சென்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். புரோக்கர் இதைக் காட்டினால் யாரும் நம்பிவிடுவார்கள்.

ஆனால் இந்த முறை நான்கு மூலையும் சரியான மட்டமாக, நேர்கோணமாக இருந்தால்தான் சரியான பரப்பைத் தரும். மூலை சாய்ந்தால் அது எப்போதும் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. பக்கங்களின் நீளம் மாறாமலேயே ஒரு கட்டத்தைச் சாய்த்துக்கொண்டே போகலாம், உள்ளே இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகும், சராசரிக் கணக்கு மட்டும் அசையாமல் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். உங்கள் மனையில் 50-க்கு 104 நேர்கோணமாக இருந்தால் குறுக்களவு 115 அடிக்குச் சற்று மேலே வர வேண்டும். நீங்கள் அளந்தது 123. ஆக, மனை நன்றாகவே சாய்ந்திருக்கிறது.

சரியான முறை, குறுக்குக்கோட்டால் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரிப்பது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று பக்கம் தெரியும். மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது s. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, எல்லாவற்றையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். போனில் உள்ள கால்குலேட்டரே போதும்.

```
s = (a + b + c) / 2
Area = sqrt( s * (s-a) * (s-b) * (s-c) )
```

முதல் முக்கோணம் வடக்கு 50, கிழக்கு 104, குறுக்கு 123. கூட்டினால் 277, பாதி 138.5. கழித்தால் 88.5, 34.5, 15.5. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2,560 சதுர அடி. இரண்டாவது முக்கோணம் தெற்கு 52, மேற்கு 100, குறுக்கு 123. கூட்டினால் 275, பாதி 137.5. கழித்தால் 85.5, 37.5, 14.5. வருவது 2,528 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 5,088 சதுர அடி, 11.68 சென்ட்.

சராசரிக் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 114 சதுர அடி. உங்கள் விலையில் ஒரு லட்சத்துக்கு மேல். இடம் என்னவோ அதே இடம்தான். குறுக்கே ஒருமுறை டேப் பிடித்தோமா இல்லையா என்பதில் இருக்கிறது அந்தப் பணம்.

முடிந்தால் இன்னொரு குறுக்கையும், வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு, அளந்துகொள்ளுங்கள். அதை வைத்து மறுபடியும் இரண்டு முக்கோணம் போட்டால் இதே 5,088-க்கு அருகில் வர வேண்டும். இருபது, முப்பது சதுர அடி முன்னே பின்னே இருக்கலாம், துணி டேப் தொய்வதிலேயே அவ்வளவு வந்துவிடும். நூறு இருநூறு வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு பக்கத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். அளக்கும்போது ஸ்டீல் டேப்பை இழுத்துப் பிடித்து, கல்லின் நடுவிலிருந்து கல்லின் நடுவுக்கு அளக்க வேண்டும்.

சுற்றுச்சுவர் உள்ள மனையில் இன்னொரு சிக்கல் உண்டு. சுவர் விற்பவருடையது என்றால் சுவருக்கு வெளிப்பக்கம் வரை அளக்க வேண்டும். உள்பக்கத்தில் அளந்தால் ஒன்பது அங்குலச் சுவர் உங்கள் மனையின் சுற்றளவான 306 அடிக்கும் சேர்த்து 230 சதுர அடியைத் தின்றுவிடும். அரை சென்டுக்கும் அதிகம். சில மனைகளில் ‘பத்திரத்தைவிட இடம் குறைகிறது’ என்று வரும் பஞ்சாயத்துக்கு அடியில் இருப்பது வெறும் சுவர்தான்.

உங்களுடையது கல்லும் கம்பி வேலியும் என்று வைத்துக்கொண்டால், 5,088 உண்மையிலேயே குறைவுதான். பத்திரத்தின் 5,227-க்கு 139 சதுர அடி குறைகிறது. இந்த 139 எங்கே போனது? காகிதம் தப்பா, தரை தப்பா?

பட்டா இங்கே ஒரு துப்பு தருகிறது. அரை ஏருக்கு முழுமைப்படுத்தி 5.00 என்று எழுதியிருந்தால், அசல் பரப்பு 475-லிருந்து 525 சதுர மீட்டருக்குள் இருந்திருக்க வேண்டும். சதுர அடியில் 5,113-லிருந்து 5,651 வரை. பத்திரத்தின் 5,227 அதற்குள் அடங்குகிறது. தரையில் அளந்த 5,088 அடங்கவில்லை. மயிரிழைதான், ஆனாலும் பத்திரமும் பட்டாவும் ஒரு பக்கம், வேலி மட்டும் தனியாக ஒரு பக்கம் நிற்கிறது. வேலியோ கல்லோ உள்ளே நகர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. சந்தேகம் மட்டும்தான், இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அதைத் தீர்ப்பது புலப்படம். எஃப்.எம்.பி. என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அதைப் பட்டா பார்க்கும் eservices.tn.gov.in தளத்திலேயே சர்வே எண், உட்பிரிவு கொடுத்து எடுக்கலாம். அதில் உங்கள் உட்பிரிவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அளவு எழுதியிருக்கும், இப்போதைய படங்களில் மீட்டரில். 3.281-ஆல் பெருக்கினால் அடி. வடக்குப் பக்கத்துக்கு 15.2, கிழக்குக்கு 31.7, தெற்குக்கு 15.8, மேற்குக்கு 30.5 என்பது போல் இருந்தால் அது உங்கள் டேப் அளவுகளேதான். குறுக்களவும் பொருந்தினால் வேலி சரியாக இருக்கிறது, பத்திரம்தான் ஆதியிலேயே ரவுண்டாக 12 என்று எழுதப்பட்டிருக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் கூடுதலாக, உதாரணமாகத் தெற்கு 16.7 மீட்டர், அதாவது 54 அடி 9 அங்குலம் என்று இருந்தால், அந்தப் பக்கத்துக் கல்தான் நகர்ந்திருக்கிறது. பதிவுக்கு முன்னால் கட்டணம் கட்டி அரசு நில அளவரை வைத்து எல்லை காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பிக்க வேண்டியவர் இப்போதைய பட்டாதாரர், நீங்கள் அல்ல. கிரையம் முடிந்த பிறகு பக்கத்து மனைக்காரரோடு கல்லைப் பற்றிப் பேசுவது உங்கள் வேலையாகிவிடும், அதற்கு முன்னால் அது விற்பவர் வேலை.

இங்கே நடக்கும் ஒரு பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். மீட்டரில் உள்ள நீளத்தைத்தான் 3.281-ஆல் பெருக்க வேண்டும். பரப்பைப் பெருக்கக் கூடாது. 500 சதுர மீட்டரை 3.281-ஆல் பெருக்கி 1,640 சதுர அடி என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். நீளமும் அகலமும் இரண்டுமே மாறுவதால் பரப்புக்கு 10.764.

பழைய படம் கையில் கிடைத்தால் அளவுகள் லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலியை நூறாகப் பிரித்தால் ஒரு லிங்க், ஏழே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். பலர் அந்த எண்களை அடி என்று படித்துவிட்டு, இடம் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே என்று திகைப்பார்கள். ஆனால் சென்ட் கணக்குக்கு லிங்க்ஸ் போல வசதியான அளவு வேறில்லை. ஆயிரம் சதுர லிங்க்ஸ் சரியாக ஒரு சென்ட். 75 லிங்க்ஸுக்கு 160 லிங்க்ஸ் என்றால் 12,000, அதாவது 12 சென்ட், முடிந்தது. அந்தக் காலத்து அளவர்கள் சென்டில் எழுதியதற்குக் காரணமே இந்தச் சங்கிலிதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணம் கொடுக்க வேண்டியது அளந்து கிடைக்கும் சதுர அடிக்கு. கிரைய ஒப்பந்தத்தில் “12 சென்ட், சென்ட் 4 லட்சம்” என்று எழுதாமல், “சதுர அடி ரூ. 918 வீதம், நில அளவர் காட்டும் எல்லைக்குள் அளந்து வரும் பரப்புக்கு” என்று எழுதுங்கள். இப்போதைய வேலி அளவுக்கு மொத்தம் 46.71 லட்சம் வரும். அளவர் வந்து கல்லை நகர்த்தி முழு 5,227 சதுர அடி கிடைத்தால் 48 லட்சத்தை மனநிறைவோடு கொடுக்கலாம். புரோக்கர் சொன்ன 49.5 லட்சத்துக்கு எந்தக் காகிதத்திலும் ஆதாரம் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதை எழுதிக்கொள்ள வேண்டும். ‘சுமார் 12 சென்ட்’ என்று எழுதி முன்பணம் வாங்கியவரிடம் பிறகு அளவு பற்றிப் பேசுவது கடினம்.

கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மொத்தப் பரப்போடு நிறுத்தக் கூடாது. சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, ஒவ்வொரு பக்கத்தின் அடி அளவு, சதுர அடி, சென்ட், பட்டாவில் உள்ள ஏர் எல்லாம் இருக்க வேண்டும். எல்லை ஒன்றும் பரப்பு வேறொன்றும் சொன்னால் பொதுவாக எல்லைக்குத்தான் நீதிமன்றங்கள் முதலிடம் தருகின்றன. அதனால் நான்கு எல்லையில் யார் நிலம், எந்தச் சாலை என்பது தெளிவாக இருப்பது 0.32 சென்டைவிட முக்கியம். குறுக்களவையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டால் நாளைக்கு யார் அளந்தாலும் இதே வடிவம்தான் வரும். பத்திரம் எழுதுபவர்கள் இதை வழக்கமாக எழுத மாட்டார்கள், கேட்டால் எழுதுவார்கள்.

பாதை விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். சென்ட் கணக்கில் பிரித்து விற்கும் இடங்களில், மனைக்கு முன்னால் விட்ட பொதுப்பாதையில் பாதி அகலத்தை உங்கள் சென்டில் சேர்த்துவிடுவது உண்டு. 50 அடி முகப்பில் 10 அடி பாதை போனால் 500 சதுர அடி, ஒரு சென்டுக்கு மேல். நீங்கள் கல்லுக்குக் கல் அளந்த நான்கு பக்கத்தில் பாதை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை உங்களால்தான் சொல்ல முடியும்.

பாகூர் இடத்துக்கு வருவோம். புதுச்சேரியில் குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. ஒரு குழியில் 16 வீசம், ஒரு வீசம் 36 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி, கிட்டத்தட்ட 132 சென்ட். கடலூர் கிராமங்களில் பெரியவர்கள் சொல்லும் காணியும் இதே 132 சென்ட்தான். ஆகவே ஒரு புதுச்சேரிக் குழி 1.32 சென்ட். குழி விலையைச் சென்ட் விலையோடு அப்படியே வைத்துப் பார்க்காதீர்கள். குழி 6 லட்சம் என்றால் சென்ட் 4.54 லட்சம், சதுர அடி 1,042 ரூபாய், கிரவுண்டுக்கு 25 லட்சம்.

எச்சரிக்கை: சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் போனால் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு மா, 33 சென்ட். ஆக, இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் குழி நான்கில் ஒன்றாகிவிடுகிறது. தெற்கேயிருந்து வந்த உறவினர் “மூன்று குழி ஒரு சென்ட்தானே” என்று சொன்னால் அவர் ஊருக்கு அது சரி. பாகூருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 5 குழி மனை 720 சதுர அடி என்று வரும். உண்மையில் அது 2,880 சதுர அடி.

புதுச்சேரி ஆவணங்களில் குழி, வீசத்தோடு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்ற பிரெஞ்சுக் காலக் கணக்கும் இருக்கும். சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர். 5 குழி மனைக்கு 00-02-68 என்று இருந்தால் 268 சதுர மீட்டர், 2,885 சதுர அடி. 5-ஐ 576-ஆல் பெருக்கிய 2,880-க்கு ஐந்தடிக்குள் பொருந்துகிறது. இப்படி இரண்டு கணக்கையும் பெருக்கிப் பார்த்து ஒத்துப்போனால்தான் அடுத்த பேச்சு. தமிழ்நாட்டுப் பட்டா பழகிய கண்ணுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடலூர்ப் பட்டாவில் 0-02.8 என்றால் 2.8 ஏர், 280 சதுர மீட்டர். பாகூர் பத்திரத்தில் 0-02-8 என்றால் 2 ஆர் 8 சென்டியார், 208 சதுர மீட்டர். புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையில் 72 சதுர மீட்டர், ஒன்றே முக்கால் சென்ட். பக்கத்தில் குழி, வீசம் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: 208 என்றால் 3 குழி 14 வீசத்துக்கு அருகில் வரும், 280 என்றால் 5 குழி 4 வீசத்துக்கு அருகில் வரும்.